வலி எப்போது வந்தது?

நெதர்லாந்தில் நைமேகன் என்றொரு நகரம். ஆண்டுதோறும் ஜூலை மாதம் அங்கே நான்கு நாள் நடைத் திருவிழா நடக்கிறது. 40,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடி, தொடர்ந்து நான்கு நாட்கள் நடக்கிறார்கள். வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ப ஒரு நாளைக்கு 30, 40 அல்லது 50 கிலோமீட்டர். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய பேர். அவர்களில் பலர் கொலஸ்ட்ராலுக்காக ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

அதே ஊரில் இருக்கும் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. ஸ்டாட்டின் தசைகளைப் பாதிக்கும் என்று பயந்து பலர் நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். நடப்பதற்காக மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க, நடக்க வந்தவர்களில் சுமார் 100 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டு, தசைவலியும் இருப்பவர்கள் முதல் குழு. ஸ்டாட்டின் சாப்பிட்டும் வலி இல்லாதவர்கள் இரண்டாவது. மாத்திரையே சாப்பிடாதவர்கள் மூன்றாவது. நடைக்கு முன்பும், நடந்த பிறகும் இவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். தசையின் வலுவை அளந்தார்கள். வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

2023-இல் முடிவு வெளியானது. நடந்த பிறகு மூன்று குழுக்களிலுமே தசைச் சேதத்தைக் காட்டும் இரத்த அளவுகள் ஏறின, வலியும் கூடியது. நாள் முழுக்க நடந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏற்றம் மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஏற்கெனவே வலியோடு வந்தவர்களுக்குக்கூட, மாத்திரை சாப்பிடாதவர்களைவிடக் கூடுதலாகத் தசை கெடவில்லை.

இந்த முடிவுக்கு ஓர் எல்லை உண்டு. இவர்கள் நடந்து பழகியவர்கள். நடை என்பது மிதமான உடற்பயிற்சி. நேற்றுவரை நாற்காலியைவிட்டு எழாத ஒருவர் இன்று ஜிம்மில் சேர்ந்து நூறு ஸ்குவாட் போடுவது வேறு விஷயம். அந்த வேறுபாட்டில்தான் பெரும்பாலானவர்களின் குழப்பம் தொடங்குகிறது. வலி வந்துவிடுகிறது. அது உடற்பயிற்சியால் வந்ததா, மாத்திரையால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் தினமும் எத்தனையோ பேர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

முதலில் இந்தப் பயத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டாட்டின் பற்றிய பெரிய ஆய்வுகள் பலவற்றின் தகவல்களையும் ஒன்றாகத் திரட்டி, ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு 2022-இல் ஓர் அலசலை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசைவலியோ பலவீனமோ வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு அதே தொல்லை வந்தது. தாங்கள் சாப்பிடுவது எது என்று இரு தரப்பினருக்கும் தெரியாது. கூடுதலாக வந்த அந்தச் சிறிய பங்கும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லும் தசைவலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மாத்திரையால் வந்தவை அல்ல.

அப்படியானால் வலிக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? நிச்சயமாக இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு ஆளுக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் மருந்து, நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் புட்டி. மாதத்துக்கு ஒரு புட்டி, வரிசை மாறி மாறி. வெறும் புட்டி மாதங்களில் தொல்லை குறைவாக இருந்தது. மருந்து மாதங்களில் கூடியது. போலி மாத்திரை மாதங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடியது! வலி நிஜம், ஆனால் அதை உண்டாக்கியதில் மருந்தின் பங்கு சிறிது. ‘மாத்திரை சாப்பிடுகிறோமே, ஏதாவது செய்துவிடுமோ’ என்ற எதிர்பார்ப்பின் பங்கு பெரிது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, மாத்திரையால் தசைக்கு ஒன்றுமே ஆகாது என்று முடித்துவிட முடியாது. ஆகும், அரிதாக. 10,000 பேர் ஐந்து ஆண்டுகள் ஸ்டாட்டின் சாப்பிட்டால், தசை உண்மையிலேயே பழுதடையும் நிலை சுமார் ஐந்து பேருக்கு வரலாம் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. அந்த ஐந்து பேரில் ஒருவருக்கு, மாத்திரையை நிறுத்தாமல் விட்டால், அது ஆபத்தான தசைச் சிதைவாக முற்றலாம். அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது. மற்றவர்களை வீணாகப் பயமுறுத்தவும் கூடாது. இரண்டுக்கும் உதவும் ஒரே கேள்வி, வலி எப்போது வந்தது என்பது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். பல நோயாளிகளிடம் பார்க்கக் கிடைப்பதைக் கோத்து அமைத்த உதாரணம் இது. கோவையில் ஒரு வங்கி அதிகாரி. வயது 54. கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்ததால் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சாப்பிடத் தொடங்குகிறார். ஆறு வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. உற்சாகமாக ஜிம்மில் சேர்கிறார். திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு. “சார், இன்னும் ஒரே ஒரு செட்... கால் நல்லா இறங்கட்டும்” என்று பயிற்சியாளர் ஊக்கப்படுத்த, ஸ்குவாட்டும் லஞ்சும் மாறி மாறிப் போடுகிறார். அன்று முழுக்கச் சுறுசுறுப்பாகவே இருக்கிறார். செவ்வாய் காலையில் தொடை இறுகத் தொடங்குகிறது. புதன்கிழமை மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு. தொடையின் முன்பக்கத்தைத் தொட்டாலே வலிக்கிறது. மாத்திரை வேலையைக் காட்டிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வியாழக்கிழமை வலி கொஞ்சம் குறைகிறது. சனிக்கிழமை வழக்கம்போல வாக்கிங் போகிறார்.

இது மாத்திரையால் வந்த வலி அல்ல. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வரும் இயல்பான வலி. இதற்கென ஒரு கால அட்டவணை இருக்கிறது. பயிற்சி முடிந்த உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்து மெல்லத் தொடங்கும், இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் ஐந்து நாட்களுக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். எந்தத் தசை உழைத்ததோ அதே தசையில்தான் வலிக்கும். அசைந்தால், அழுத்தினால் வலிக்கும். சும்மா கிடந்தால் அவ்வளவு தெரியாது. காலையில் எழுந்ததும் கால் மரம்போல இருந்தாலும், பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் இளகும். அடுத்த முறை அதே பயிற்சியை அதே அளவில் செய்தால் வலி பாதிகூட இருக்காது.

அதிகாரியின் கதை தொடர்கிறது. மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. மருத்துவர் அளவை 40 மில்லிகிராமாகக் கூட்டுகிறார். நான்கு வாரம் ஆகிறது. அலுவலகத் தணிக்கை காரணமாக ஜிம்முக்குப் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. ஆனால் இரண்டு தொடையிலும், இரண்டு தோளிலும் கனமான ஒரு வலி. எழுந்திருக்கும்போதே இருக்கிறது, இரவு படுக்கும்போதும் இருக்கிறது. பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறங்கிவிடுகிறது. நடந்தாலும் இளகவில்லை. பத்து நாள் ஆகியும் குறையவில்லை.

“டாக்டர், மாத்திரையை நிறுத்திடட்டுமா?” என்று கேட்கிறார்.

“நிறுத்துறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம். வலி எந்தத் தேதியில ஆரம்பிச்சது, எந்தெந்த இடத்துல, அதுக்கு முன்னாடி என்ன மாத்துனீங்க, அதைச் சொல்லுங்க.”

மருத்துவர் சரியான இடத்தில்தான் கேட்கிறார். மாத்திரையால் வரும் வலியின் முகம் வேறு. அது பொதுவாக உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இடுப்பு, தொடை, பின்பக்கம், கெண்டைக்கால், தோள் என்று பெரிய தசைகளைப் பிடிக்கும். எந்த ஒரு பயிற்சியோடும் அதை முடிச்சுப் போட முடியாது. மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். நாள் போகப் போகக் குறைவதற்குப் பதில், அப்படியே நிற்கும் அல்லது கூடும். எல்லாவற்றையும்விட முக்கியமான குறி, பலவீனம். வலியால் காலைத் தூக்கத் தயங்குவது ஒன்று. தூக்க முயன்றும் கால் வராமலிருப்பது இன்னொன்று. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, தலை சீவக் கை உயரவில்லை என்றால் அதை வயசு, அசதி என்று தள்ளிவிடக் கூடாது.

அதிகாரிக்கு மருத்துவர் இரண்டு பரிசோதனை எழுதுகிறார். ஒன்று, லேப்களில் சிபிகே என்று சொல்லப்படும் கிரியாட்டின் கைனேஸ். தசை நார்களுக்குள் இருக்கும் நொதி இது. நார் சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும். மற்றொன்று தைராய்டு. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொலஸ்ட்ராலும் கூடும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டின் தசையைத் தொல்லைப்படுத்தும் வாய்ப்பும் அதிகமாகும். நம் உதாரணத்தில் சிபிகே இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்கு இருக்கிறது. தைராய்டும் குறைந்திருக்கிறது. மாத்திரையைச் சில வாரம் நிறுத்திவைத்து, தைராய்டுக்குச் சிகிச்சை தொடங்கி, வலி போகிறதா என்று பார்க்கிறார்கள். மாத்திரையால் வந்த வலி என்றால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அடங்கிய பிறகு, தைராய்டு சீரானதும், குறைந்த அளவில் வேறொரு ஸ்டாட்டின். வலி திரும்பவில்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலரால் இப்படி ஏதோ ஒரு ஸ்டாட்டினை, ஏதோ ஓர் அளவில், தொடர்ந்து சாப்பிட முடிகிறது.

சிபிகே எண்ணைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாக உடற்பயிற்சி செய்தால் மாத்திரை சாப்பிடாத ஆரோக்கியமானவருக்கும் இந்த அளவு ஏறும். கடினமான புதுப் பயிற்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கில்கூடப் போகலாம். அதிகாரி அந்த முதல் புதன்கிழமையே பயந்துபோய்ப் பரிசோதனை செய்திருந்தால், எண்ணைப் பார்த்து வீடே கலங்கியிருக்கும். மாத்திரையின் மேல் வீண்பழி விழுந்திருக்கும். கல்லீரல் பரிசோதனைக்கும் இது பொருந்தும். எடை தூக்கிப் பழகாத ஆரோக்கியமான 15 ஆண்களை ஸ்வீடனில் ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்துப் பார்த்தார்கள். சிபிகே மட்டுமல்ல, நம்மூர் லேப் அறிக்கைகளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று வரும் அளவுகளும் ஒரு வாரம்வரை உயர்ந்தே இருந்தன. இந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் வியர்த்துவிட்டுத் திங்கட்கிழமை முழு உடல் பரிசோதனைக்குப் போகிறவர், மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்ற தவறான முடிவோடு திரும்ப இடம் இருக்கிறது.

ஆகவே இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் கடினமான பயிற்சி வேண்டாம். வழக்கமான நடை போதும். அவசரமாகப் பரிசோதிக்க நேர்ந்தால், கடைசியாக என்றைக்கு, என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் வராத அந்த ஒரு தகவல் முடிவையே மாற்றும்.

நேரம் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலானவர்கள் கேட்பது வேறொன்று. மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து உடற்பயிற்சி செய்யலாம்? இரவு மாத்திரை போட்டால் காலையில் ஓடலாமா? இந்தக் கவலையைத் தாராளமாக விட்டுவிடலாம். இன்று அதிகம் எழுதப்படும் அட்டோர்வாஸ்டாட்டினில் பாதி உடம்பைவிட்டு வெளியேறச் சுமார் 14 மணி நேரம் ஆகிறது. ரோசுவாஸ்டாட்டினுக்கு 19 மணி நேரம். தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் 24 மணி நேரமும் மருந்து இருந்துகொண்டேதான் இருக்கும். பயிற்சியை நான்கு மணி நேரம் தள்ளிப்போடுவதால் தசைக்கு எந்த லாபமும் இல்லை. இந்த இரண்டையும் நாளின் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். மறக்காமல் சாப்பிட முடிகிற நேரமே நல்ல நேரம். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவுக்கானது. அது உடம்பில் குறைந்த நேரமே தங்கும், கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பதோ இரவில்.

கவனிக்க வேண்டிய நேரம் மணிக்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில் இருக்கிறது. ஸ்டாட்டினும் புதிய கடினப் பயிற்சியும் ஒரே வாரத்தில் தொடங்கினால், பிறகு வலி வரும்போது யாரைக் கேட்பது? மாத்திரையைத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் நான்கைந்து வாரங்கள் ஏற்கெனவே பழகிய நடை, சைக்கிள், நீச்சல், வீட்டு வேலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்குள் தொல்லை எதுவும் வராவிட்டால் புதியதைச் சேர்க்கலாம். நடையை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாரடைப்புக்குப் பிறகு மருத்துவமனை சொல்லித்தரும் மறுவாழ்வுப் பயிற்சியை ஸ்டாட்டினோடு சேர்த்தே தொடங்குகிறார்கள்.

சேர்க்கும்போது எதில் கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல பதில் தருகிறது. 1997-இல் அமெரிக்க மருத்துவர் பால் தாம்சன் குழுவினர், ஸ்டாட்டின் வகையில் முதலில் சந்தைக்கு வந்த லோவாஸ்டாட்டினை ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கும், போலி மாத்திரையை மற்றவர்களுக்கும் கொடுத்து, சரிவாக வைத்த டிரெட்மில்லில் கீழ்நோக்கி நடக்கவிட்டார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாத்திரை சாப்பிட்டவர்களின் சிபிகே மற்றவர்களைவிட 60, 70 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது. சமதள நடையில் நைமேகனில் தெரியாத வேறுபாடு, இறக்கத்தில் தெரிந்தது.

காரணம் இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது, உடம்பின் எடையைத் தாங்கியபடியே நீண்டுகொடுக்க வேண்டியிருக்கிறது. இழுபட்டுக்கொண்டே தாங்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழுகின்றன. பழனி மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது; ஆனால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதால். ஜிம்மில் ஸ்குவாட்டில் மெல்ல இறங்குவது, தூக்கிய எடையை மெதுவாகக் கீழே விடுவது, மைதானத்தில் குதித்துக் குதித்து ஓடுவது எல்லாம் இந்த வகை. ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் இவற்றைச் செய்யவே கூடாது என்பதல்ல. செய்யலாம், செய்ய வேண்டும். வயதானவருக்குத் தொடை வலு இருந்தால்தான் கீழே விழாமல் இருக்க முடியும். தொடக்கம் மட்டும் அடக்கமாக இருக்கட்டும். முதல் நாள் எடையில்லாமல் எட்டு பத்து முறை, ஒரே ஒரு சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே நல்ல தொடக்கம். அதே தசைக்கு மறுபடி வேலை கொடுக்க இரண்டு நாள் இடைவெளி. முந்தைய வலி முழுக்கப் போகாமல் அடுத்த சுற்று வேண்டாம். வாரத்துக்கு ஒன்றைத்தான் கூட்டுவது: எண்ணிக்கை, அல்லது எடை. இரண்டையும் சேர்த்து அல்ல. பயிற்சியாளரிடம் முதல் நாளே மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவரும் விரட்டமாட்டார்.

தமிழ்நாட்டு வெயிலையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. தசை சிதையும்போது வெளியேறும் பொருள்களைச் சிறுநீரகம்தான் வடிகட்டுகிறது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் அதன் பாடு திண்டாட்டம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயிலேறிய பிறகு ஓடுவது, மூடிய அறையில் மின்விசிறியும் இல்லாமல் கடுமையாக உழைப்பது ஆகியவற்றைத் தவிர்த்து, விடியற்காலைக்கோ வெயில் தாழ்ந்த மாலைக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் கடினப் பயிற்சிக்கு விடுமுறை.

அந்த நாட்களில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. சளிக்கும் தொண்டைக்கும் எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல் போன்றவை அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவை உடம்பில் சிதைவதைத் தடுக்கின்றன. சாப்பிடுவது அதே ஒரு மாத்திரை. இரத்தத்தில் ஏறுவதோ பல மடங்கு. படர்தாமரைக்கு இட்ராகொனசோல் வாரக்கணக்கில் தரப்படுவது நம் ஊரில் இப்போது சாதாரணம். எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக் கடையில் எதை வாங்கினாலும், ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஸ்டாட்டினை நிறுத்திவைப்பதா, வேறு மருந்து தருவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ரோசுவாஸ்டாட்டினில் இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ளத் தக்கது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், அதே அளவு மாத்திரை சாப்பிட்ட வெள்ளையரைவிட இந்திய வம்சாவளியினரின் இரத்தத்தில் மருந்து சுமார் ஒன்றரை மடங்கு இருந்தது. நம்மவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்வதன் பின்னணி இது.

இன்னும் இரண்டு வலிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள், அல்லது வர வாய்ப்புள்ளவர்கள். நடக்கும்போது நெஞ்சிலோ இடது தோளிலோ கையிலோ தாடையிலோ இறுக்கம் வந்து, நின்றால் ஓரிரு நிமிடத்தில் விட்டால், அது தசைவலி அல்ல. இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி. நின்றும் விடாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். அதேபோல, குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றதும் விட்டு, மறுபடி அதே தூரம் நடந்ததும் பிடித்தால், காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம். புகைபிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இரண்டு வலிக்கும் மாத்திரையைக் குறை சொல்லி நிறுத்துவது, தேவைப்படும் மருந்தையே தூக்கி எறிவதாகும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. தசையில் தாங்க முடியாத வலி, வீக்கம், கைகால் துவண்டுபோவது. அதோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் அல்லது கோலா நிறத்தில் போவது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது; அது சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யக்கூடியது. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் வரும் அடர்மஞ்சள் வேறு, இந்தப் பழுப்பு வேறு. இப்படிப் போனால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிபிகே இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் மருத்துவர்களும் மாத்திரையை உடனே நிறுத்தி, சிறுநீரகத்தைச் சோதித்து, நரம்பு வழியாக நீரேற்றிக் கவனிப்பார்கள். ஸ்டாட்டின் சாப்பிடாத இளைஞருக்கும், அளவுக்கு மீறிய முதல் நாள் பயிற்சியால் இந்த நிலை வந்ததுண்டு.

மற்ற வலிகளுக்குச் செய்ய வேண்டியது எளிது. வீட்டு நாள்காட்டியில் மூன்று விஷயங்களைக் குறித்து வைத்தால் போதும்: மாத்திரை தொடங்கிய அல்லது அளவு மாறிய நாள், புதிய பயிற்சி செய்த நாள், வலி வந்து போன நாள். பயிற்சிக்கு மறுநாள் வந்து ஒரு வாரத்துக்குள் போனால் அது இயல்பு. ஒரு வாரத்தைத் தாண்டினால், இரண்டு பக்கமும் சேர்ந்து வலித்தால், வலு குறைந்தால் அந்த நாள்காட்டியோடு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களும், பைபாஸ் செய்தவர்களும், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் சிறுநீரின் நிறம் மாறினால் தவிர வேறெந்த வலிக்கும் ஸ்டாட்டினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்துவதற்கு முன் மருத்துவரை ஒரு முறை தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள்.